வலியே இல்லை, ஆனால் இரண்டு டெஸ்டிலும் சிறுநீரில் ரத்தம்: சிஸ்டோஸ்கோப்பி செய்துதான் ஆகவேண்டுமா?

மல்லிகா_யீஷூன்

எல்லாருக்கும் வணக்கம். என் கணவருக்காக எழுதுகிறேன். வயது 53. கம்பெனி வருடாந்தரப் பரிசோதனையில் சிறுநீரில் ரத்தம் இருப்பதாக வந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, சிறுநீர் வழக்கமான நிறம்தான். வலி, எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை. அந்த ரிப்போர்ட்டில் `RBC 6 /HPF` என்று இருந்தது. ஒன்றரை மாதம் கழித்து எங்கள் பலதுறை மருந்தகத்தில் மறுபடி எடுத்தார்கள். இந்த முறை ஹெல்த்ஹப் செயலியில் `RBC 32 /uL` என்று காட்டுகிறது. 6 எங்கே, 32 எங்கே! அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

டாக்டர் அல்ட்ராசவுண்டுக்கும், யூராலஜியில் சிறுநீர்ப்பைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பிக்கும் ரெஃபரல் எழுதிக் கொடுத்துவிட்டார். இவரோ "ஒரு வலியும் இல்லாத மனுஷனுக்கு எதற்கு உள்ளே குழாயை விட வேண்டும்" என்று அப்பாயின்ட்மென்டைத் தள்ளிப்போடப் பார்க்கிறார். நான்கு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது, தினமும் ஆஸ்பிரின் 100 மில்லிகிராம் சாப்பிடுகிறார். சிகரெட் விட்டு எட்டு வருடம் ஆகிறது. அதற்கு முன் ஒரு நாளைக்குப் பத்து என்று இருபத்து நான்கு வருடம் பிடித்தவர்.

யாருக்காவது இந்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

குமார்_தெம்பனீஸ்

அக்கா, பயப்படாதீங்க. ஆஸ்பிரின் ரத்தத்தை இளக்குகிற மருந்து. அதனால்தான் கொஞ்சம் ரத்தம் கசிகிறது. என் மாமாவுக்கும் இதே கதை. அண்ணன் ஓட்டம், சைக்கிள் ஏதாவது போவாரா? ஈஸ்ட் கோஸ்ட்டில் நீண்ட தூரம் ஓடிவிட்டு மறுநாள் டெஸ்ட் கொடுத்தாலும் இப்படித்தான் காட்டும். ஒரு வாரம் ஆஸ்பிரினை நிறுத்திவிட்டு மறுபடி டெஸ்ட் எடுத்துப் பாருங்க, சுத்தமாக வரும்.

தேன்மொழி_நர்ஸ்

மல்லிகா, நான் ஒரு பொது மருத்துவமனையின் யூராலஜி வெளிநோயாளர் பிரிவில் வேலை பார்க்கிறேன். முதலில் ஒரு விஷயம்: ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினைத் தானாக நிறுத்தவே கூடாது. குமார் தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அந்த ஒரு வாரத்தில் ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்தால் அது உயிருக்கே ஆபத்து.

ஓட்டம் பற்றி அவர் சொன்னது சரிதான். கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகு சிறுநீரில் சிவப்பணு வரும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். அதனால்தான் ஒரு முறை வந்ததை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், வேறு ஒரு நாளில் இன்னொரு முறை எடுக்கிறோம். ஆஸ்பிரின் விஷயம் வேறு. ரத்தத்தை இளக்கும் மருந்து, ஏற்கெனவே கசியும் இடத்தில் கசிவைக் கொஞ்சம் கூட்டலாம். கசிவதற்கு அங்கே ஒன்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆகவே ஆஸ்பிரின், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கும் மற்றவர்களுக்குச் செய்கிற அதே பரிசோதனைகளைச் செய்ய வேண்டும் என்றுதான் அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதலும் சொல்கிறது. மருந்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் இருந்து, ஒரு வருடம் கழித்துச் சிறுநீர் சிவப்பாகப் போகும்போது வருகிறவர்களை நான் பார்க்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மல்லிகா, இரண்டு ரிப்போர்ட்டிலும் புரதம், வெள்ளையணு, நைட்ரைட் என்ன வந்தது? சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினை ரத்தத்தில் பார்த்தார்களா? ரத்த அழுத்தம் எவ்வளவு?

சொக்கலிங்கம்_லேப்

6 எப்படி 32 ஆனது என்று கேட்டீர்கள். அது ஆகவே இல்லை அம்மா. இரண்டும் வேறு வேறு அளவுகள்.

முதல் லேபில் சிறுநீரைச் சுழற்றி, அடியில் தங்கியதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் ஒரு பார்வைப் பரப்புக்குள் எத்தனை சிவப்பணு தெரிகிறது என்று எண்ணியிருக்கிறார்கள். `/HPF` என்றால் அதுதான். பலதுறை மருந்தகத்தின் மாதிரி போன லேபில் இயந்திரம் ஒரு மைக்ரோலிட்டரில் எத்தனை என்று எண்ணியிருக்கிறது. `/uL` என்பது அது. பார்வைப் பரப்புக்கு ஒன்று என்றால் மைக்ரோலிட்டருக்குத் தோராயமாக ஐந்து, ஐந்தரை வரும். நுண்ணோக்கியையும் சுழற்றும் முறையையும் பொறுத்து இது கொஞ்சம் மாறும். உங்கள் 6-ஐ ஐந்தரையால் பெருக்கிப் பாருங்கள், 33 வருகிறது. அதாவது இரண்டு முறையும் ஏறத்தாழ ஒரே அளவுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அந்த லேபின் இயல்பு அளவு அச்சாகியிருக்கும், எப்போதும் அதோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

லேபில் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் இன்னொன்று சொல்கிறேன். சிறுநீரில் நனைக்கும் பட்டைக் குச்சியில் `Blood 1+` என்று வந்தால் மட்டும் ரத்தம் என்று உறுதி இல்லை. தசை சிதைந்து வரும் புரதத்துக்கும் அது நிறம் மாறும். அணுக்களை எண்ணிய பிறகுதான் பேச்சு. பார்வைப் பரப்புக்கு மூன்று, அதற்கு மேல் என்றால் கணக்கில் எடுப்பார்கள். உங்கள் கணவருக்கு இரண்டு முறையும் எண்ணியே பார்த்திருக்கிறார்கள், ஆகவே அந்தச் சந்தேகம் இல்லை.

மல்லிகா_யீஷூன்

ஐயா, ரொம்ப நன்றி. இதை யாராவது அன்றே சொல்லியிருந்தால் நான் இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

தேன்மொழி, நீங்கள் கேட்டவை: புரதம் இல்லை என்று இருக்கிறது. வெள்ளையணு, நைட்ரைட் இரண்டும் இல்லை. கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை. கிரியேட்டினின் சாதாரணம். பிபி 128/78. இவர் ஓட்டமெல்லாம் போவதில்லை, சாப்பிட்ட பிறகு புளோக்கைச் சுற்றி நடப்பதோடு சரி.

கமலா_அம்மா

மல்லிகா, இது உடம்புச் சூடு. இந்த ஊர் வெயிலில் ஏசி ரூமுக்கும் வெளியேயும் அலைந்தால் வரத்தான் செய்யும். காலையில் வெறும் வயிற்றில் வாழைத்தண்டுச் சாறு, சாயங்காலம் பார்லித் தண்ணீர். தேக்காவில் சிறுபீளை கிடைக்கும், கஷாயம் வைத்துக் கொடு. ஒரு மண்டலம் கொடுத்துவிட்டு டெஸ்ட் எடுத்துப் பார். எங்கள் வீட்டில் கல்லே கரைந்திருக்கிறது. ஊரிலிருந்து நாட்டு மருந்துப் பொடி வரவழைத்தும் தருகிறேன், வேண்டுமானால் சொல்.

அகிலன்_பாசிர்ரிஸ்

எனக்கும் இதேதான்! தேசிய சேவைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில் சிறுநீரில் ரத்தம் என்று வந்தது. வலி இல்லை. சிறுநீரக டாக்டரிடம் அனுப்பினார்கள், ஊசி போட்டு சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள், ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற சிறுநீரக வடிகட்டி நோய் என்று சொன்னார்கள். இன்றைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆகவே ஆன்ட்டி, சிறுநீர்ப்பைக்குள் கேமரா விடுவதெல்லாம் வீண். நேராக சிறுநீரக டாக்டரைப் பாருங்கள், பயாப்ஸி கேளுங்கள். எனக்குக் கேமரா விடவே இல்லை.

தேன்மொழி_நர்ஸ்

அகிலன், உங்களுக்குச் செய்தது சரி, ஆனால் இது அந்தக் கேஸ் இல்லை. உங்களுக்கு அப்போது 18 வயது இருக்கும். சிறுநீரில் புரதமும் போயிருக்கும் என்று நினைக்கிறேன், சரியா?

ரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டியிலிருந்து வரலாம். அல்லது வடிகட்டிய பிறகு சிறுநீர் ஓடுகிற வழியிலிருந்து வரலாம், அதாவது சிறுநீரகத்தின் உள்குழி, குழாய், சிறுநீர்ப்பை, ஆண்களுக்குப் புராஸ்டேட். வடிகட்டியில் கோளாறு என்றால் பெரும்பாலும் அது தனியாக வராது. புரதம் சேர்ந்து போகும், பிபி ஏறும், கிரியேட்டினின் கூடும். அணுக்களின் உருவமும் சிதைந்திருக்கும். மல்லிகாவின் கணவருக்கு இதில் எதுவும் இல்லை. வயது 53, சிகரெட் பிடித்தவர். இந்த வயதில் டாக்டர் முதலில் கவலைப்படுவது சிறுநீர்ப்பையில் ஏதாவது வளர்ந்திருக்கிறதா என்றுதான். அதை ஊசியில் எடுத்த சிறுநீரகச் சதை சொல்லாது.

சிகரெட் கணக்கையும் சொல்கிறேன். ஒரு நாளைக்கு இருபது என்பது ஒரு பாக்கெட். உங்கள் கணவர் பத்து, அதாவது அரை பாக்கெட். 24 வருடத்தைப் பாதியாக்கினால் 12 பாக்கெட்-வருடம். பத்துக்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு, முப்பதுக்கு மேல் போனால் அதிகம். 40-லிருந்து 59 வயதுள்ள ஆண் என்ற வயதுக் கணக்கிலும் அவர் நடுவில்தான் வருகிறார். நடுத்தர ஆபத்துள்ளவர்களுக்குச் சிஸ்டோஸ்கோப்பியும் சிறுநீரக அல்ட்ராசவுண்டும். உங்கள் டாக்டர் எழுதியதும் அதேதான். புற்றுநோய் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. இவரைப் போன்றவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் இருக்கிற சிலருக்கும் தொடக்கத்தில் வலி இருப்பதில்லை. வலி இல்லை என்பதை வைத்து இவரைப் போக விடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அகிலன்_பாசிர்ரிஸ்

ஆமாம் அக்கா, புரதம் போனது. தொண்டை வலி வந்தால் அடுத்த நாளே சிறுநீர் கோலா நிறத்தில் போகும், அதையும் டாக்டர் கேட்டார். ஆன்ட்டி, அங்கிளுக்கு அப்படி நடந்திருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

சொக்கலிங்கம்_லேப்

தேன்மொழி சொன்ன உருவம் பற்றி ஒரு வார்த்தை. வழியில் எங்கோ கசிந்த சிவப்பணு, தட்டு மாதிரி வட்டமாக, விளிம்பு ஒழுங்காக இருக்கும். வடிகட்டியின் இடுக்கு வழியாகப் பிதுங்கி வந்தது உருக்குலைந்து, ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளத்தோடு இருக்கும். ஆனால் மாதிரி மேஜை மேல் அரை நாள் கிடந்தால் எல்லா அணுவும் உருக்குலைந்துவிடும், பார்ப்பவருக்கு ஏமாற்றம்தான். இரண்டு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வீட்டிலிருந்து காலையில் பாட்டிலில் பிடித்து, பஸ்ஸில் கொண்டுபோய், மத்தியானம் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கேயே பிடித்துக் கொடுப்பதுதான் நல்லது. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும்.

கமலா அம்மாவுக்கு: வாழைத்தண்டும் பார்லியும் குடிக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. டெஸ்ட் அன்று காலையில் மட்டும் வயிறு முட்டக் குடிக்க வேண்டாம். சிறுநீர் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டால் அதில் சிவப்பணு உப்பி வெடித்துவிடும். குச்சி ரத்தம் என்று காட்டும், எண்ணிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. "கஷாயம் குடித்தேன், சரியாகிவிட்டது" என்று ரிப்போர்ட்டைக் காட்டுவார்கள். நோய் போயிருக்காது, எண்ணிக்கைதான் கரைந்திருக்கும்.

தேன்மொழி_நர்ஸ்

கமலா அம்மா, அந்த நாட்டு மருந்துப் பொடியில் என்ன சேர்ந்திருக்கிறது? தயவுசெய்து பெயரைப் பாருங்கள். ஆடுதீண்டாப்பாளை சேர்ந்ததாக இருந்தால் யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்தச் செடி வகையில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்க் குழாயிலும் உள்குழியிலும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது நிரூபணமான விஷயம். சில சீன மூலிகைகளிலும் அதே அமிலம் உண்டு. அது கலந்த மருந்துகளைச் சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையம் தடை செய்திருக்கிறது. ஆனால் ஊரிலிருந்து பெட்டியில் வருகிற பொடியை யார் சோதிக்கிறார்கள்? மல்லிகா, உங்கள் கணவர் முன்பு ஏதாவது நாட்டு மருந்து நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

கமலா_அம்மா

பொட்டலத்தில் பெயரே எழுதவில்லை அம்மா. என் தங்கையிடம் கேட்கிறேன். அது தெரியும்வரை யாருக்கும் கொடுக்கவில்லை.

செல்வம்_சுங்கைகடுட்

இழைக்கு நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும் அண்ணே, அக்கா. நான் ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறேன். ஸ்ப்ரே பெயின்ட் வேலை, ஒன்பது வருடமாக. சிகரெட் உண்டு. எனக்கும் போன வருடம் சிறுநீரில் ரத்தம் என்று சொன்னார்கள், ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுபடி யாரும் பார்க்கவில்லை. பெயின்ட் காரணமாக இருக்குமா?

தேன்மொழி_நர்ஸ்

தம்பி, இடையில் கேட்டதற்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். நீங்கள் கேட்டது மிக முக்கியம்.

பெயின்டர் வேலையையே புற்றுநோய்க்குக் காரணமான தொழில்களில் ஒன்றாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது, அதில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் சேரும். சிகரெட்டும் சேர்ந்தால் இன்னும் கூடும். உங்களுக்கு அப்படி ஆகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஆனால் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட பிறகு சிறுநீரை மறுபடி எடுத்துப் பார்க்காமல் விட்டது தவறு. கிருமித் தொற்றுதான் காரணம் என்றால், அது போன பிறகு ரத்தமும் போயிருக்க வேண்டும். போயிற்றா என்று பார்க்காமல் யாருக்கும் தெரியாது. முதலில் கிருமி இருந்ததா என்று கல்ச்சர் எடுத்தார்களா? அதையும் கேளுங்கள்.

வெளிநாட்டு ஊழியர்களுக்கான ஆரம்பப் பராமரிப்புத் திட்டத்தில் உங்கள் கம்பெனி சேர்த்திருக்கும். அந்த கிளினிக்குக்குப் போய், பழைய ரிப்போர்ட்டைக் காட்டி, "பெயின்ட் வேலை, சிகரெட், போன வருடம் ரத்தம்" என்று மூன்றையும் சொல்லுங்கள். ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பினால் அந்தச் செலவை முதலாளி பார்க்க வேண்டும், ஒர்க் பெர்மிட்டில் இருப்பவரின் மருத்துவச் செலவு அவர் பொறுப்பு. முகம் திருப்பினால் மனிதவள அமைச்சிடம் கேட்கலாம். பயப்படாமல் கேளுங்கள்.

ராஜன்_பீஷான்

நான் இதைச் செய்துகொண்டவன், 61 வயது. அண்ணன் குழாய்க்குத்தான் பயப்படுகிறார் என்றால் இதைப் படித்துக் காட்டுங்கள் மல்லிகா.

மயக்க மருந்து இல்லை. கால்சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு அங்கி. மல்லாந்து படுக்கச் சொல்லி, சுத்தம் செய்து, துணி போர்த்தினார்கள். உறுப்பின் துவாரத்தில் குளிர்ச்சியான ஜெல்லி, அதில் மரத்துப்போகும் மருந்து. அது வேலை செய்யச் சில நிமிடம் விட்டார்கள். பிறகு நெளியும் குழாய், பென்சிலை விடச் சன்னம். ஸ்க்ரீனைப் பார்க்கச் சொன்னார்கள், என் சிறுநீர்ப்பையை நானே பார்த்தேன், வெளிர் சிவப்பில் மெல்லிய நரம்புகளோடு. புராஸ்டேட்டைத் தாண்டும் இடத்தில் மட்டும் சுருக்கென்று இருந்தது, "கால் விரலை ஆட்டுங்க" என்றார் நர்ஸ். ஆட்டினேன், தாண்டிவிட்டது. உப்புநீர் நிரப்பும்போது அவசரமாகப் போக வேண்டும் போல இருக்கும். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள். அன்றும் மறுநாளும் சிறுநீர் போகும்போது எரிந்தது, ஒருமுறை ரோஸ் நிறத்தில் போனது. நிறையத் தண்ணீர் குடித்தேன், சரியானது. காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ உடனே வரச் சொல்லியிருந்தார்கள்.

ஒரு கேள்வி. எனக்கு சி.டி. யூரோகிராம் எடுத்தார்கள். இவருக்கு ஏன் வெறும் அல்ட்ராசவுண்ட்? குழாயில் இருக்கிற சின்னக் கட்டி அல்ட்ராசவுண்டில் தெரியாது என்று என் டாக்டரே சொன்னார். பலதுறை மருந்தகம் வழியாகப் போனால் மலிவானதைத்தான் எழுதுவார்களோ?

தேன்மொழி_நர்ஸ்

அப்படி இல்லை ராஜன் சார். 60 வயது தாண்டிய ஆண், அதனால் உங்களை உயர் ஆபத்தில் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு சி.டி. யூரோகிராம்தான் முதல் தேர்வு. அதில் ஒரே இடத்தைப் பல தடவை ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கிறது, கதிர்வீச்சு கணிசமாகப் படும். நரம்பில் சாய மருந்து ஏற்றுவார்கள், ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் அது சிக்கல். குழாயில் கட்டி வருவது சிறுநீர்ப்பையில் வருவதை விட மிகவும் அரிது. அதனால் நடுத்தர ஆபத்துக்காரர்களுக்கு அல்ட்ராசவுண்டும் சிஸ்டோஸ்கோப்பியும் போதும் என்று வைத்திருக்கிறார்கள்.

ராஜன்_பீஷான்

புரிகிறது. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. தேட ஆரம்பித்த பிறகு முழுதாகத் தேடிவிட வேண்டும் என்று நினைப்பவன் நான்.

தேன்மொழி_நர்ஸ்

டாக்டர்களிடமும் இதில் கருத்து வேறுபாடு உண்டு சார். அல்ட்ராசவுண்டில் சந்தேகம் வந்தாலோ, எல்லாம் பார்த்த பிறகும் ரத்தம் தொடர்ந்தாலோ சி.டி.க்குப் போகலாம். அந்த வாசல் மூடவில்லை.

மல்லிகா_யீஷூன் (மூன்று வாரம் கழித்து)

அல்ட்ராசவுண்ட் முடிந்தது. இடது சிறுநீரகத்தின் கீழ்ப் பகுதியில் 4 மில்லிமீட்டர் கல் ஒன்று, எந்த அடைப்பும் இல்லை. மற்றதெல்லாம் இயல்பு. இவருக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தாயா, கல்லுதான் காரணம், குழாய் வேண்டாம்" என்கிறார். கிளினிக்குக்கு போன் போட்டு கேன்சல் செய்யக்கூடப் பார்த்தார், நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே? கல் இருந்தால் ரத்தம் வரும்தானே?

குமார்_தெம்பனீஸ்

அண்ணன் சொல்றது சரி அக்கா. காரணம் கிடைத்துவிட்டது. இதற்கு மேல் எதற்கு?

தேன்மொழி_நர்ஸ்

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நகர்ந்து குழாயில் சிக்கிய கல் ரத்தம் வரவழைக்கும், அப்போது விலாவைப் பிடித்துக்கொண்டு உருளுகிற வலியும் வரும். உள்ளே ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கிற 4 மில்லிமீட்டர் கல் அப்படி இல்லை. அதனால் ரத்தம் வரலாம், வராமலும் இருக்கலாம். அந்த மாதிரிக் கல்லோடு, சிறுநீரில் ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல், எத்தனையோ பேர் நடமாடுகிறார்கள். ஆகவே கல் இருப்பது நிஜம், அதுதான் காரணம் என்பது ஊகம்.

அல்ட்ராசவுண்ட் நன்றாகக் காட்டுவது சிறுநீரகத்தை. சிறுநீர்ப்பையின் சுவரில் ஒட்டியிருக்கிற சின்ன, தட்டையான வளர்ச்சி அதில் தப்பிவிடும். அதற்காகத்தான் கேமரா. சிகரெட் புகையின் நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. அந்தச் சுவரைத்தான் நாம் இன்னும் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்ததால் சுவரைப் பார்த்ததாக ஆகாது.

சிறுநீரில் செல்களைத் தேடும் சைட்டாலஜி டெஸ்ட் போதாதா என்று சிலர் கேட்பார்கள். மெதுவாக வளரும் கட்டிகளில் அது பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. அது சுத்தமாக வந்தாலும் கேமராவுக்கு ஈடாகாது.

அண்ணனிடம் இப்படிச் சொல்லுங்கள் மல்லிகா: ஐந்து நிமிடம். அதன் பிறகு அவர் கல்லைத் தாராளமாகக் குற்றம் சொல்லட்டும். கிளினிக்கில் ஆஸ்பிரின் சாப்பிடுவதைச் சொல்லுங்கள், பார்ப்பதற்கு மட்டுமான சிஸ்டோஸ்கோப்பிக்கு வழக்கமாக அதை நிறுத்தச் சொல்வதில்லை. அன்று எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் முதலில் தொற்றைச் சரி செய்துவிட்டுத்தான் செய்வார்கள், அதையும் மறைக்க வேண்டாம்.

செல்வம்_சுங்கைகடுட்

அக்கா, நான் போனேன். மறுபடி எடுத்தார்கள், இன்னும் ரத்தம் இருக்கிறது. கிருமி இல்லை. யூராலஜிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சூப்பர்வைசரிடம் கடிதத்தைக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

தேன்மொழி_நர்ஸ்

தம்பி, கடிதத்தை போட்டோ எடுத்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றே கேட்டு வாங்கி எடுங்கள். இந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், யாரிடம் பேசலாம் என்று பார்ப்போம்.

மல்லிகா_யீஷூன் (மேலும் ஐந்து வாரம் கழித்து)

நேற்று சிஸ்டோஸ்கோப்பி முடிந்தது. ராஜன் சார் எழுதியதை இவரிடம் வாசித்துக் காட்டினேன். கால் விரலை ஆட்டும் இடம் வந்ததும் "சரி, போகலாம்" என்றார்.

சிறுநீர்ப்பையில் ஒன்றும் இல்லை. புராஸ்டேட் கொஞ்சம் பெருத்திருக்கிறது, அதன் மேலே சில நரம்புகள் புடைத்திருக்கின்றன, அங்கிருந்துகூடக் கசியலாம் என்று டாக்டர் சொன்னார். கல்லா, புராஸ்டேட்டா என்று அவரால் அடித்துச் சொல்ல முடியவில்லை. கல்லுக்கு இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், தண்ணீர் குடித்தால் போதும். ஒரு வருடத்தில் சிறுநீர் டெஸ்ட் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார். அதற்குள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ரத்தம் போனால், ஒரே ஒரு முறை போனாலும், காத்திருக்காமல் வரச் சொன்னார். புரதமும் பிபியும் பலதுறை மருந்தகத்தில் வழக்கமான வருகையின்போது பார்ப்பார்கள்.

இரவு எரிச்சல் இருந்தது, இன்று காலை குறைந்துவிட்டது.

ராஜன்_பீஷான்

நல்ல செய்தி. ஒரு வருடம் கழித்து இன்னும் ரத்தம் இருந்தால் சி.டி. கேளுங்கள். நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

சொக்கலிங்கம்_லேப்

அந்த டெஸ்டை முடிந்தால் அதே பலதுறை மருந்தகத்தில் எடுங்கள். அதே லேபுக்குத்தான் போகும், அப்போது 32-ஐ நேராக ஒப்பிடலாம்.

குமார்_தெம்பனீஸ்

அக்கா, என் மாமாவை நினைத்தால் இப்போது கவலையாக இருக்கிறது. அவருக்கு 66 வயது, வார்ஃபரின் சாப்பிடுகிறார். அந்த மாத்திரையால்தான் ரத்தம் என்று அப்படியே விட்டுவிட்டோம். அவருக்கு எங்கே போய்த் தொடங்குவது?

தேன்மொழி_நர்ஸ்

பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அவரோடு நீங்களும் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள் தம்பி. சிறுநீர் டெஸ்டும் கிரியேட்டினினும் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள், வார்ஃபரின் அளவு சரியாக இருக்கிறதா என்ற ஐஎன்ஆர் பரிசோதனையும் சேர்த்து. சிகரெட் உண்டா, எப்போதாவது சிவப்பாகப் போயிருக்கிறதா என்று வீட்டிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் டாக்டர் முன்னால் இல்லை என்றுதான் சொல்வார்கள். இந்த வாரமே போங்கள்.